ரெக்ரூட்டரிடம் “முதல் 90 நாளில் என்ன செய்து முடிக்க வேண்டும்?” என்று கேட்கலாமா?

ஈரோட்டுக்காரி | 9 ஜூன் 2025, இரவு 9.40

மாரத்தஹள்ளியில் இருக்கிறேன். ஒரு அமெரிக்க கம்பெனியின் பெங்களூர் ஜி.சி.சி.யில் சீனியர் அனலிஸ்ட் வேலைக்கு இரண்டு ரவுண்டு முடிந்துவிட்டது. மாதா மாதம் கணக்கை மூடும் டீம். வியாழக்கிழமை மேனேஜர் ரவுண்டு.

இன்று ரெக்ரூட்டர் பேசியபோது, “சேர்ந்த முதல் 90 நாளில் நான் என்ன செய்து முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்?” என்று கேட்டேன். “வேகமான டீம், ஓனர்ஷிப் எடுக்க வேண்டும், மிச்சத்தை மேனேஜர் சொல்வார்” என்றார். பிறகு ஏற்கனவே அனுப்பிய ஜே.டி.யையே மறுபடி அனுப்பினார்.

ஏன் கேட்கிறேன் என்றால், இப்போதிருக்கும் இடத்தில் குளோசிங் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். சேர்ந்ததும் வெண்டர் மெயில்களுக்குப் பதில் போடும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். கன்ஃபர்மேஷன் நேரத்தில் “உங்களுக்குக் குளோசிங் இன்னும் பிடிபடவில்லை” என்று எழுதினார்கள். அதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே தரவில்லை என்பதை அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. இந்த முறை சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி சரியில்லையா, கேட்ட ஆள் சரியில்லையா?

பெல்லந்தூர் பாண்டி | 9 ஜூன், இரவு 10.05

ஆள்தான் சரியில்லை. ரெக்ரூட்டருக்கு ஒன்றும் தெரியாது. ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் 90 நாள் திட்டம் கேட்டால் என்ன வரும்? மேனேஜரிடம் மட்டும் கேளுங்கள்.

நெல்லை சேகர் | 9 ஜூன், இரவு 10.31

90 நாள் எல்லா இடத்திலும் கட்டாயம் இருக்கும் சிஸ்டர். பை-அவுட் உண்டா என்று முதலில் கேளுங்கள். எனக்கு விடவே இல்லை, 90 நாளும் உட்கார வைத்தார்கள்.

ஈரோட்டுக்காரி | 9 ஜூன், இரவு 10.38

சேகர் அண்ணா, நோட்டீஸ் பீரியட் இல்லை. புதிய இடத்தில் சேர்ந்த பிறகான முதல் 90 நாள். என்னுடைய நோட்டீஸ் 60 நாள்தான்.

கம்மனஹள்ளி | 10 ஜூன், காலை 8.15

நான் ஆள் எடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன். முதலில் கன்சல்டன்சி, இப்போது ஒரு கம்பெனிக்குள்ளேயே. பாண்டி சொல்வதில் பாதிதான் சரி.

உங்களோடு பேசுபவர் கம்பெனி ஆளா, கன்சல்டன்சி ஆளா? அதை முதலில் பாருங்கள். ஒரு இடம் திறக்கும்போது கம்பெனிக்குள் இருக்கும் ரெக்ரூட்டர் மேனேஜரோடு உட்கார்ந்து அரை மணி நேரமாவது பேசுவார். ஏன் ஆள் வேண்டும், இதற்கு முன் யார் இருந்தார்கள், வருபவர் முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே வரும். அந்தக் குறிப்பு அவரிடம் இருக்கும். கன்சல்டன்சிக்குப் போவது அதில் வடிகட்டிய மிச்சம், பல நேரம் வெறும் ஜே.டி. மட்டும்தான். அதனால்தான் உங்களுக்கு ஜே.டி. திரும்பி வந்தது.

ஆனால் கன்சல்டன்சிக்காரருக்கு உங்கள் முதல் மூன்று மாதத்தில் சொந்த அக்கறை உண்டு. அவர்கள் கட்டணம் பெரும்பாலும் வருடச் சி.டி.சி.யில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். கூடவே ரீப்ளேஸ்மென்ட் ஷரத்து ஒன்று இருக்கும். எடுத்த ஆள் குறிப்பிட்ட நாளுக்குள் போய்விட்டால் வேறு ஆளை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 90 நாள் என்பது சாதாரணம். நீங்கள் 80-ஆவது நாள் கிளம்பிவிட்டால் அவர் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆகவே “எனக்கும் உங்களுக்கும் பின்னால் சிக்கல் வராமல் இருக்க, கம்பெனிக்குள் ஆள் எடுக்கும் டி.ஏ. டீமிடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்றால் பெரும்பாலும் கேட்பார்.

இனி கேள்வி. “என்ன சாதிக்க வேண்டும்” என்றால் எந்த ரெக்ரூட்டரும் பொதுவாகத்தான் பேசுவார், அதைத் தீர்மானிப்பது அவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். இது காலியான இடமா, புதிதாக உருவாக்கிய இடமா? காலியானது என்றால் முந்தையவரின் கடைசி நாள் எது? யார் எனக்கு வேலையை விளக்கிக் கே.டி. கொடுப்பார்கள்? ஆள் கேட்டபோது மேனேஜர் எந்த வேலை நிலுவையில் இருப்பதாகச் சொன்னார்? இந்த நான்குக்கும் பதில் யாரிடமாவது எழுத்தில் இருக்கும்.

பெல்லந்தூர் பாண்டி | 10 ஜூன், காலை 9.02

8.33 கணக்கு எனக்குப் புதிது. ஆனாலும் ஆளைச் சேர்க்கும்வரை இனிக்க இனிக்கத்தானே பேசுவார்கள்?

கம்மனஹள்ளி | 10 ஜூன், காலை 9.20

பேசுவார்கள். அதனால்தான் கருத்தைக் கேட்காமல் தேதியைக் கேட்கச் சொல்கிறேன். “டீம் எப்படி?” என்றால் இனிப்பாகச் சொல்லலாம். முந்தையவரின் கடைசி நாளை அப்படிச் சொல்ல முடியாது.

ஈரோட்டுக்காரி | 10 ஜூன், மாலை 7.50

கன்சல்டன்சி ஆள்தான். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். மூன்று மணி நேரத்தில் கம்பெனியில் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார். நேற்று பேசியவர்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

காலியான இடம். முந்தையவர் ராஜினாமா கொடுத்துவிட்டார், கடைசி நாள் ஜூலை 31. மேனேஜர் சொன்னதாக டி.ஏ. டீம் சொன்னது: முதல் குளோசிங்கில் பக்கத்தில் இருந்து பார்ப்பது, இரண்டாவதில் நான் செய்ய அவர்கள் பார்ப்பது, மூன்றாவதில் நானே தனியாக. கூடவே, சரக்கும் பில்லும் ஒத்துப்போகாமல் தேங்கிய “ஜி.ஆர்.ஐ.ஆர். பேக்லாகை முடிக்க வேண்டும்”. கே.டி. யார் என்பதற்குப் பதில் வரவில்லை.

ஒயிட்ஃபீல்ட் கணக்கர் | 10 ஜூன், இரவு 10.10

இந்த வேலையில்தான் ரொம்ப வருடமாக இருக்கிறேன். நீங்கள் 90 நாள் என்று எண்ணவே கூடாது அம்மா. எத்தனை குளோசிங் என்று எண்ண வேண்டும். மாதத்தில் முதல் நான்கைந்து வேலை நாள்தான் உங்கள் வேலையின் உயிர். மற்ற நாட்களில் ரெக்கான்சிலியேஷன் செய்யலாம், பழைய ஜர்னல்களைப் படிக்கலாம், ஆனால் குளோசிங்கைக் கற்றுக்கொள்ள முடியாது. 90 நாளில் மூன்று குளோசிங் வரும். அந்த மூன்றும் எந்த மாதத்தினுடையவை என்பது சேரும் தேதியைப் பொறுத்தது. எப்போது சேர்வீர்கள்?

ஈரோட்டுக்காரி | 10 ஜூன், இரவு 10.25

இந்த வாரம் ஆஃபர் வந்தால் 18-ஆம் தேதி பேப்பர் போடலாம். 60 நாள் கழித்து ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை.

ஒயிட்ஃபீல்ட் கணக்கர் | 10 ஜூன், இரவு 11.02

அப்படியானால் காலண்டரை எடுங்கள். உங்கள் 90-ஆவது நாள் நவம்பர் 15.

ஆகஸ்ட் கணக்கை மூடுவது செப்டம்பர் 1 முதல். அப்போது நீங்கள் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். லேப்டாப் வந்துவிடும், எஸ்.ஏ.பி. மென்பொருளில் எழுதும் அனுமதி வருமா என்பது சந்தேகம். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் சாக்ஸ் சட்டம் உண்டு. ஜர்னல் போடுபவரும் அதை அங்கீகரிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது, ஒவ்வொரு ரோலுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். அது இரண்டு வாரத்தில் முடிந்தால் நல்ல டீம் என்றுதான் சொல்வேன். ஆக முதல் குளோசிங்கில் பார்க்க மட்டும்தான் முடியும். அவர்கள் சொன்னதும் அதுதான், பொருந்துகிறது.

சிக்கல் இரண்டாவதில். செப்டம்பர் கணக்கு என்பது காலாண்டு முடிவு. சாதாரண மாதத்தில் இல்லாத வேலையெல்லாம் அதில் சேரும். ஆடிட்டர் கேள்விகள் வரும், ஒவ்வொரு பேலன்ஸுக்கும் ஆதாரம் கேட்பார்கள். முதல் வேலை நாள் அக்டோபர் 1, அன்று ஆயுத பூஜை. மறுநாள் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும். அமெரிக்காவில் இரண்டுமே வேலை நாள். நீங்கள் முதன்முதலாகக் கையால் செய்யப்போவது இந்தக் குளோசிங்கை. பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியவருக்கே அந்த வாரம் மூச்சுவிட நேரம் இருக்காது.

மூன்றாவது, அக்டோபர் கணக்கு, நவம்பர் 3 முதல். சாதாரண மாதம். தனியாகச் செய்யலாம், இரண்டாவதில் ஒழுங்காகக் கற்றிருந்தால்.

முந்தையவர் ஜூலை 31-இல் போகிறார், நீங்கள் ஆகஸ்ட் 18-இல் வருகிறீர்கள். அந்த 18 நாளை யாராவது கவனித்துச் சொன்னார்களா?

ஈரோட்டுக்காரி | 11 ஜூன், காலை 7.30

ராத்திரி இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். “பார், செய், தனியாகச் செய்” என்று கேட்டபோது மூன்று படிகள் சம உயரத்தில் இருப்பதுபோலத்தான் தோன்றியது. காலண்டரில் வைத்தால் நடுப்படி மட்டும் இரண்டு மடங்கு உயரம். அதிலும் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு சந்தேகம். இதையெல்லாம் மேனேஜர் ரவுண்டில் கேட்டால், சேர்வதற்கு முன்பே கஷ்டம் பேசுகிறாள் என்று நினைக்க மாட்டாரா?

ஒயிட்ஃபீல்ட் கணக்கர் | 11 ஜூன், காலை 8.00

நான் மேனேஜராக இருந்தால் அன்றே எடுத்துவிடுவேன். குளோசிங் காலண்டரை வைத்துக் கேள்வி கேட்பவர் குளோசிங் செய்தவராகத்தான் இருப்பார்.

ஓசூர் பஸ் | 11 ஜூன், மதியம் 1.15

நான் சேல்ஸ். சாஃப்ட்வேர் விற்கும் வேலை, இந்திரா நகரில் ஒரு ஸ்டார்ட்டப். 90 நாளில் மூன்று டீல் முடிக்க வேண்டும் என்று ரெக்ரூட்டர் தெளிவாகச் சொன்னார், மேனேஜரும் அதையே சொன்னார். எல்லாம் எழுத்தில். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே ஒரு டீல் முதல் டெமோவிலிருந்து கையெழுத்துவரை போக ஐந்து மாதம் ஆகிறது. ஏற்கனவே பாதி வழியில் இருந்த டீல் எதையும் எனக்குக் கொடுக்கவில்லை. முதல் நாளே கையெழுத்துக்குத் தயாரான ஆளைப் பிடித்தால்தான் முடியும். ப்ரொபேஷனில் அனுப்பிவிட்டார்கள்.

அதனால் கணக்கர் சார் சொல்வது சேல்ஸுக்கும் பொருந்தும். வேலையின் ஒரு சுற்று எவ்வளவு நாள், 90-க்குள் எத்தனை சுற்று வரும்? எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

பெல்லந்தூர் பாண்டி | 11 ஜூன், மதியம் 1.40

இதைக் கேட்கவே கோபமாக இருக்கிறது. இப்போது வேறு வேலை கிடைத்ததா?

ஓசூர் பஸ் | 11 ஜூன், மதியம் 1.44

கிடைத்தது. இந்த முறை “பாதியில் இருக்கும் எந்த டீல்களை எனக்குக் கொடுப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன்.

ஈரோட்டுக்காரி | 12 ஜூன், இரவு 8.20

மேனேஜர் ரவுண்டு முடிந்தது. நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். ரெக்ரூட்டர் சொன்னதைச் சொல்லாமல் அதே கேள்வியை மட்டும் கேட்டேன்: “நவம்பர் நடுவில், நான் சேர்ந்து மூன்று மாதம் ஆகும்போது, எதைப் பார்த்து நீங்கள் திருப்தி அடைவீர்கள்?”

“செப்டம்பர் குளோசிங்கிலிருந்து இரண்டு என்டிட்டியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார். மூன்றாவதில் இல்லை, இரண்டாவதிலேயே, அதுவும் காலாண்டில். முந்தையவர் ஜூலையில் போகிறாரே என்றதற்கு “வேலையைப் படிப்படியாகச் சொல்லும் டி.டி.பி. எல்லாம் எழுதி வைத்திருக்கிறார், அதைப் பார்த்துச் செய்யலாம்” என்றார்.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

பெல்லந்தூர் பாண்டி | 12 ஜூன், இரவு 8.31

பார்த்தீர்களா! ரெக்ரூட்டர் பேச்சை நம்பியிருந்தால்? மேனேஜர் சொல்வதுதான் கடைசி. ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கம்மனஹள்ளி | 12 ஜூன், இரவு 9.05

ரெக்ரூட்டர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆள் கேட்ட அன்று மேனேஜர் அப்படித்தான் சொல்லியிருப்பார். முந்தையவர் கடைசி நாளுக்குள் புதியவர் வந்துவிடுவார் என்பது அன்றைய கணக்கு. ஆள் கிடைக்க நாளாகிவிட்டது, செய்ய வேண்டிய வேலை மட்டும் முன்னால் வந்துவிட்டது. முதலில் ரெக்ரூட்டரிடம் கேட்டதால்தான் இந்த வித்தியாசமே உங்கள் கண்ணில் பட்டது.

ஆஃபர் லெட்டரில் எழுத மாட்டார்கள். அது எல்லோருக்கும் ஒரே அச்சு. ப்ரொபேஷன் எத்தனை மாதம், அந்தக் காலத்தில் நோட்டீஸ் எத்தனை நாள் என்பது மட்டும்தான் இருக்கும், அதை நன்றாகப் படியுங்கள். 90 நாள் விஷயத்துக்கு மெயில்தான் வழி. ரெக்ரூட்டருக்கு எழுதுங்கள், கம்பெனி டி.ஏ.வைக் காப்பியில் வைக்கச் சொல்லுங்கள். புகார் மாதிரி வேண்டாம். “நான் புரிந்துகொண்டது இது, சரியா?” என்ற தொனியில் ஐந்தாறு வரி போதும்.

ஒயிட்ஃபீல்ட் கணக்கர் | 12 ஜூன், இரவு 9.48

டி.டி.பி.யைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தத் திரையில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பது அதில் இருக்கும். எண் ஒத்துப்போகாதபோது யாருக்கு போன் செய்வது என்பது இருக்காது. குளோசிங்கில் நேரம் போவதே அந்த இரண்டாவதில்தான். கடைசியாக எந்தத் தேதியில் அதைத் திருத்தினார்கள் என்று கேளுங்கள்.

பேக்லாகையும் விடாதீர்கள். ஜி.ஆர்.ஐ.ஆர். கணக்கில் தேங்குவது இரண்டு வகை: சரக்கு வந்து பில் வராதது, பில் வந்து சரக்கு வந்ததாகப் பதியாதது. தொகை பொருந்தினால் கணினியே ஒன்றுக்கொன்று சேர்த்துக் கழித்துவிடும். பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் பர்ச்சேஸ் டீமும் வெண்டரும் பதில் சொல்ல வேண்டும். எஸ்.ஏ.பி.யில் MR11 போட்டு மொத்தமாகத் தள்ளிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் லாப நட்டத்தில் போய் உட்காரும், ஒப்புதல் இல்லாமல் கை வைக்கக்கூடாது. ஆக “பேக்லாகை முடிக்க வேண்டும்” என்பது உங்கள் கையில் மட்டும் இல்லாத வேலை. எத்தனை ஐட்டம், அதில் ஒரு வருடத்துக்கு மேல் பழையது எவ்வளவு, தள்ளுபடிக்கு ஒப்புதல் யார் தருவார்கள்? இந்த மூன்றும் தெரியாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஈரோட்டுக்காரி | 13 ஜூன், காலை 6.55

மெயில் அனுப்பிவிட்டேன். அனுப்பியது இது:

“மேனேஜருடன் பேசியதில் நான் புரிந்துகொண்டது: ஆகஸ்ட் குளோசிங்கில் பார்ப்பேன். செப்டம்பர் குளோசிங்கில் இரண்டு என்டிட்டியின் வேலையை நான் செய்வேன். நவம்பர் தொடக்கத்தில் தனியாகப் பொறுப்பேற்பேன். முந்தையவர் ஜூலை 31-இல் விடைபெறுவதால், செப்டம்பர் குளோசிங்கில் என் வேலையைச் சரிபார்ப்பவர் யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். ஜி.ஆர்.ஐ.ஆர். நிலுவையின் எண்ணிக்கையும், எவ்வளவு காலப் பழையது என்ற விவரமும் கிடைத்தால் எது முடியும் என்று சொல்ல வசதி.”

வேண்டுமென்றேதான் செப்டம்பரில் “தனியாக” என்று எழுதவில்லை. மேனேஜர் வேறு மாதிரி நினைத்தால் திருத்தட்டும்.

நெல்லை சேகர் | 13 ஜூன், காலை 9.10

இப்போதுதான் முழுதாகப் படித்தேன். இவ்வளவு கேட்டால் ஆஃபரே போய்விடாதா சிஸ்டர்? வெளியே ஆயிரம் பேர் நிற்கிறார்கள்.

கம்மனஹள்ளி | 13 ஜூன், காலை 9.40

போகலாம். கேள்வி கேட்டதால் மேனேஜர் முகம் சுளித்து நின்றுபோன ஆஃபரை நானே பார்த்திருக்கிறேன். கையில் வேறு வருமானம் இல்லாதவரிடம் இவ்வளவு கேட்கச் சொல்ல மாட்டேன். முந்தையவரின் கடைசி நாளை மட்டும் கேட்டால் போதும் என்பேன். இவருக்கு வேலை இருக்கிறது.

ஈரோட்டுக்காரி | 16 ஜூன், மாலை 6.30

பதில் வந்தது. மேனேஜரே எழுதியிருக்கிறார். இன்னொரு நாட்டின் கணக்கைப் பார்க்கும் ஒரு சீனியர் அக்கா ஆகஸ்டில் தற்காலிகமாக என் இரண்டு என்டிட்டியையும் பார்ப்பார், செப்டம்பரிலும் அவரே சரிபார்ப்பார். ஒரு என்டிட்டி மட்டும் செப்டம்பரில் என் கையில், இரண்டாவது அக்டோபர் கணக்கிலிருந்து. முந்தையவர் ஜூலைக்குள் அந்த அக்காவுக்கு ஒரு குளோசிங் கே.டி. கொடுத்துவிடுவார், கூட்டங்களைப் பதிவுசெய்து வைப்பார்கள். அக்டோபர் 1, 2 லீவு கிடையாது, பதிலாக வேறு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

பேக்லாக் பற்றி “சேர்ந்த பிறகு பேசலாம்” என்று ஒரே வரி.

பெல்லந்தூர் பாண்டி | 16 ஜூன், மாலை 6.42

அருமை! இந்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஏதாவது என்றால் இதுதான் ஆதாரம், கோர்ட்டுக்கே போகலாம்.

கம்மனஹள்ளி | 16 ஜூன், இரவு 7.15

கோர்ட் வேண்டாம் பாண்டி. ப்ரொபேஷனில் இருப்பவரை அனுப்ப நினைத்தால் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கும் நோட்டீஸ் ஷரத்தைத்தான் காட்டுவார்கள். இந்த மெயிலின் உபயோகம் நவம்பரில் மேனேஜரோடு பேசும் மேசையில். மேனேஜரே மாறிவிட்டால் அங்கே இன்னும் அதிக உபயோகம்.

பெல்லந்தூர் பாண்டி | 16 ஜூன், இரவு 7.21

எழுத்தில் இருப்பது எழுத்தில் இருப்பதுதான். இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

ஈரோட்டுக்காரி | 17 ஜூன், இரவு 9.30

ஒப்புக்கொண்டுவிட்டேன். நாளை பேப்பர் போடுகிறேன். ப்ரொபேஷன் ஆறு மாதம், அதில் இரு பக்கமும் 30 நாள் நோட்டீஸ்.

பேக்லாக் மட்டும் மனதில் உறுத்துகிறது. எண்ணிக்கையைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்றால் பெரிதாக இருக்குமோ? ரெக்ரூட்டரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை, டி.ஏ. டீமுக்கும் தெரியாதாம்.

ஒயிட்ஃபீல்ட் கணக்கர் | 17 ஜூன், இரவு 10.05

தயக்கமாகவே இருக்க வேண்டியதில்லை. வெளியாளிடம் கணக்கு விவரம் தரக்கூடாது என்ற விதியாகவும் இருக்கலாம், நானும் தந்திருக்க மாட்டேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே, எழுதும் அனுமதி வருவதற்கு முன்பே, பார்க்கும் அனுமதி மட்டும் கேட்டு வாங்குங்கள். அது சீக்கிரம் வரும். திறந்திருக்கும் ஐட்டங்களை வயது வாரியாகப் பிரித்து, ஆகஸ்ட் 31-க்குள் மேனேஜருக்கு ஒரு தாள் அனுப்பிவிடுங்கள். நீங்கள் வந்தபோது இருந்தது எவ்வளவு என்பது அதில் தெரியும். இல்லாவிட்டால் நவம்பரில் மொத்தமும் உங்கள் பெயரில் நிற்கும்.

ஈரோட்டுக்காரி | 17 ஜூன், இரவு 10.12

குறித்துக்கொண்டேன் சார். ஒரு வருடத்துக்கு மேல் போனதைத் தனியாகப் பிரித்தால் போதுமா, 180 நாளுக்கும் ஒரு கட்டம் வேண்டுமா?

ஒயிட்ஃபீல்ட் கணக்கர் | 17 ஜூன், இரவு 10.20

180-க்கும் போடுங்கள். ஆடிட்டர் அதையும் கேட்பார்.